ஐந்து பேர், பதினைந்து நிமிடம்: பிரசன்டேஷனை யாருக்கு எவ்வளவு பிரிப்பது?

ஈரமண்

எங்கள் டீமில் ஐந்து பேர். அடுத்த வெள்ளிக்கிழமை ப்ராஜெக்ட் பிரசன்டேஷன். மண்ணின் ஈரத்தை சென்சார் வைத்துப் பார்த்து, காய்ந்தால் தானாகவே தண்ணீர் விடும் கருவி செய்திருக்கிறோம். கருவி வேலை செய்கிறது. டீம்தான் வேலை செய்யவில்லை.

பேச 15 நிமிடம், கேள்விக்கு 5 நிமிடம். ஐந்து பேரும் பேசியே ஆக வேண்டும் என்பது விதி. மொத்தம் 20 மதிப்பெண், அதில் 12 டீமுக்குப் பொது, 8 தனித்தனி.

பெயர் வேண்டாம், வேலையை வைத்தே சொல்கிறேன். "பேச்சு" மேடையில் ஏறினால் இறங்க மனமில்லாதவள், நன்றாகவே பேசுவாள். ப்ராஜெக்டில் அவள் செய்தது பின்னணி வாசிப்பு: ஏற்கெனவே என்னென்ன முறைகள் இருக்கின்றன, அவற்றில் என்ன குறை என்று தேடி எழுதினாள். "கோடு" புரோகிராம் முழுவதையும் தனியாக எழுதியவன். நாலு பேர் முன்னால் நின்றால் குரல் நடுங்கும், பேசவே வேண்டாம் என்கிறான். "அளவை" ஆறு தொட்டிகளில் 14 நாள், காலையும் மாலையும் அளவெடுத்தவள். 168 அளவுகள், ஒன்றுகூட விடவில்லை. "ஸ்லைடு" உடம்பு சரியில்லாமல் முதல் இரண்டு வாரம் வரவே இல்லை, வந்தபின் ஸ்லைடுகளைச் செய்துகொடுத்தான். நான் சர்க்யூட்டை இணைத்தேன், எல்லாரையும் துரத்திக்கொண்டும் இருந்தேன்.

இப்போது சண்டை என்னவென்றால், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று சமமாகப் பிரிப்போம் என்று அளவை சொல்கிறாள். பேச்சு, தானே எட்டு நிமிடம் பேசினால் டீமுக்கே லாபம் என்கிறாள். கோடு ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன் என்கிறான். ஸ்லைடு எதுவும் சொல்வதில்லை, குற்ற உணர்ச்சி போல. எது நியாயம்?

நாலாவதுவரிசை

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நன்றாகப் பேசுகிறவள் பேசட்டும். கேட்கிறவர்களுக்கு யார் பேசினார்கள் என்பதா முக்கியம், புரிந்ததா என்பதுதான் முக்கியம். மற்ற நாலு பேரும் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசி விதியை முடித்துவிடுங்கள். கேள்வி வந்தால் செய்தவர்கள் பதில் சொல்லட்டும். நாங்கள் இரண்டு முறை இப்படித்தான் செய்தோம், இரண்டு முறையும் டீம் மதிப்பெண் நன்றாகவே வந்தது.

ஒட்டடைக்குச்சி

ஐந்து பேர் ஒரே பிரசன்டேஷனைப் பிரித்துச் செய்வதுதான் உலகத்திலேயே பெரிய தலைவலி. ஒருத்தர் எழுத்துரு ஒரு மாதிரி, இன்னொருத்தர் பின்புலம் கறுப்பு. கடைசி ராத்திரி ஒட்டினால் எல்லாம் பிய்ந்து தொங்கும். நான் சொல்வது, ஒருத்தர் வெற்று மாதிரிக் கோப்பு ஒன்று செய்து எல்லாருக்கும் கொடுக்கட்டும். தலைப்பு இந்த அளவு, எழுத்து இந்த அளவு, படம் இந்தப் பக்கம். மற்றவர்கள் அதிலேயே நிரப்ப வேண்டும், நிறத்தைத் தொடக்கூடாது.

ஈரமண்

ஒட்டடைக்குச்சி, நன்றி. ஆனால் ஸ்லைடுகள் தயார், ஒரே ஆள் செய்தது. யார் எதைப் பேசுவது என்பதுதான் கேள்வி.

ஒட்டடைக்குச்சி

ஓ, அதுவா. தலைப்பைப் பார்த்ததும் எழுத ஆரம்பித்துவிட்டேன். இருந்தாலும் நான் சொன்னது யாருக்காவது பயன்படும், அழிக்கவில்லை.

மதிப்பெண்தாள்

பத்து வருடத்துக்கு மேலாக நான் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறவள். அங்கிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

நீங்கள் ஐந்து பேரும் ஒரே ஒரு பொருளைப் பங்கு போடுவதாக நினைக்கிறீர்கள், நிமிடங்களை. உண்மையில் பங்கு போட வேண்டியவை மூன்று. ஒன்று தயாரிப்பு, அது பெரும்பாலும் நடந்து முடிந்துவிட்டது. இரண்டாவது பேசும் நேரம். மூன்றாவது கேள்வி நேரத்தின் சுமை. இந்த மூன்றாவதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. மூன்று நிமிட அறிமுகத்துக்கு ஒரு கேள்வியும் வராமல் போகலாம். மூன்று நிமிட முடிவுகளுக்கு ஐந்து நிமிடமும் கேள்வியாகவே போகலாம். அப்புறம் எப்படி ஆளுக்கு மூன்று நிமிடம் சமமாகும்?

நாலாவதுவரிசை சொல்வதில் பாதி சரி. கேட்கிறவருக்குப் புரிவதுதான் முக்கியம். ஆனால் தான் செய்யாத வேலையை ஒருவர் அழகாகச் சொல்லும்போது என் மாதிரி ஆட்களுக்கு உடனே தெரிந்துவிடும். எங்கே தெரியும் தெரியுமா? எண்களில். வேலை செய்தவர் "மூன்றாவது தொட்டியில் மட்டும் ஏனோ சீக்கிரம் காய்ந்தது" என்று போகிற போக்கில் சொல்வார். மனப்பாடம் செய்தவர் ஸ்லைடில் இருக்கும் எண்ணை மட்டும் வாசிப்பார். அந்த இடத்தில்தான் நான் பேனாவை எடுத்துக் கேள்வி குறித்துக்கொள்வேன். உங்களுக்குத் தனி மதிப்பெண் 8 இருக்கிறது. ஒரு நிமிடம் பேசுகிறவருக்கு நான் எதைப் பார்த்து அதைப் போடுவது? இரண்டு நிமிடத்துக்குக் குறைந்தால் என்னால் ஒருவரை எடை போட முடிவதில்லை. நடுவில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவேன்.

அதனால் முதலில் பகுதிகளை நிமிடத்தோடு எழுதுங்கள், ஆட்களை அப்புறம் வைக்கலாம். 15 நிமிடத்தையும் நிரப்பாதீர்கள். ஆள் மாறுவது நான்கு முறை. ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி வைத்தால் ஒரு நிமிடம் அதிலேயே போய்விடும். இன்னொரு நிமிடம் கையிருப்பு. மீதி 13 நிமிடம்தான் பேச்சு. உங்கள் ப்ராஜெக்டுக்கு என் கணக்கு: அறிமுகமும் பழைய முறைகளும் சேர்த்து இரண்டரை, சர்க்யூட் இரண்டரை, கோடும் டெமோவும் இரண்டரை, சோதனை முடிவுகள் மூன்றரை, வரம்புகளும் முடிவுரையும் இரண்டு.

முடிவுகளுக்கு ஏன் அதிகம் என்றால், மற்ற எல்லாமும் புத்தகத்தில் கிடைக்கும். அந்த 168 அளவுகள் உங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன.

தேன்சிட்டு

இதைப் படிக்கும்போது என் கதை ஞாபகம் வருகிறது, கொட்டிவிடுகிறேன்.

எங்கள் டீமிலும் ஐந்து பேர். கேள்வித்தாள் தயாரித்து 60 பேரிடம் கேட்டு எழுதியது நான். பிரசன்டேஷன் அன்று எனக்குக் கிடைத்தது "எல்லாருக்கும் வணக்கம், எங்கள் தலைப்பு இது, நாங்கள் ஐந்து பேர்" மட்டும். ஏன் என்று கேட்டால், "உன் குரல் தெளிவாக இருக்கிறது, ஆரம்பம் நன்றாக இருக்க வேண்டும்" என்றார்கள். நானும் மகிழ்ந்து போனேன், முட்டாள். என் 60 பேரைப் பற்றி இன்னொருவன் பேசினான். "ஏன் 60, எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்" என்று கேள்வி வந்தது. அவன் "கிடைத்தவர்களைக் கேட்டோம்" என்றான். உண்மை அதுவல்ல. முதலாம் ஆண்டில் 20, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 20 என்று பிரித்துத்தான் கேட்டேன். நான் கையைத் தூக்கினேன், நேரம் முடிந்துவிட்டது என்றார்கள்.

ஆகவே ஈரமண், அளவைக்கு முடிவுகளைக் கொடுக்காமல் விட்டால் அவள் உங்களை வாழ்நாள் முழுவதும் மன்னிக்க மாட்டாள். நான் மன்னிக்கவில்லை.

ஈரமண்

மேடம், 13 நிமிடக் கணக்கு எல்லாருக்கும் பிடித்துவிட்டது, அதில் சண்டை இல்லை. சர்க்யூட் எனக்கு, கோடு அவனுக்கு, முடிவுகள் அளவைக்கு. அதுவரை சரி. கோடு மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

சிக்கல் இருப்பது அறிமுகத்திலும் கடைசிப் பகுதியிலும். பேச்சுக்கு இரண்டும் வேண்டும். "நான் ஆரம்பித்து நானே முடிக்கிறேன், ஸ்லைடு நடுவில் எங்காவது ஒரு நிமிடம் வரட்டும், அவன் இரண்டு வாரம் வரவே இல்லையே" என்கிறாள். அவன் காய்ச்சலில் கிடந்தது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் அவளுக்கு மறுப்புச் சொல்லவில்லை. நானும்தான்.

கணக்குப்பிள்ளை

வாயால் பேசினால் சத்தமாகப் பேசுகிறவர் ஜெயிப்பார். காகிதத்தில் செய்யுங்கள்.

ஐந்து பேரும் தனித்தனியே, மற்றவர்கள் பார்க்காமல், ஆளுக்கு 100 புள்ளியை அந்த ஐந்து பகுதிகளுக்கும் பங்கிட வேண்டும். எந்தப் பகுதி தனக்கு எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு புள்ளி. பிடித்ததற்கு அல்ல, கஷ்டத்துக்கு. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லுங்கள், பாதிப் பேர் தலைகீழாக எழுதிவிடுவார்கள். அப்புறம் ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு பகுதி, மொத்தக் கஷ்டம் குறைவாக வரும்படி பொருத்துங்கள். ஐந்துக்கு ஐந்து என்றால் 120 வகையில் பொருத்தலாம். பயப்பட வேண்டாம், ஒவ்வொருவரின் மிகக் குறைந்த எண்ணையும் வட்டமிட்டாலே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். ஒரே பகுதியை இரண்டு பேர் வட்டமிட்ட இடத்தில் மட்டும் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

நியாயமா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. எல்லாப் பகுதியும் சேர்ந்து ஒருவருக்கு 100 என்றால், ஐந்தில் ஒரு பங்கு 20. தனக்குக் கிடைத்த பகுதி தன் கணக்கிலேயே 20 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அவர் குறை சொல்ல இடமில்லை. 30 வந்தால் அவருக்கு அநியாயம் நடந்திருக்கிறது. அதை அவர் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, அவர் எழுதிய எண்ணே சொல்லிவிடும். உங்கள் கோடு மாதிரி வாயில்லாத ஆட்களுக்கு இது நல்லது.

நாலாவதுவரிசை

ஏமாற்றலாமே. எனக்கு அறிமுகம்தான் வேண்டும் என்றால் அதற்கு 0 போட்டு, மீதி நாலுக்கும் 25 போட்டுவிடுவேன். முடிந்தது கதை.

கணக்குப்பிள்ளை

போடலாம். ஆனால் எல்லாரும் எழுதியபின் தாள்களை நடுவில் விரித்து வைப்பீர்கள் அல்லவா? மூன்று மாதம் கூடவே வேலை செய்தவர்கள் முன்னால் அந்தத் தாளை வைக்க வெட்கமாக இருக்கும். வெட்கம் இல்லாதவரை இந்த முறை தடுக்காது, ஒத்துக்கொள்கிறேன். அறிமுகமில்லாத டீமுக்கு இதைச் சொல்லமாட்டேன்.

ஈரமண்

நேற்று மாலை செய்தோம். ஒரு தாளை மட்டும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அளவை தலைகீழாக எழுதியிருந்தாள், கணக்குப்பிள்ளை சொன்னது போலவே.

வரிசை: அறிமுகம், சர்க்யூட், கோடு, முடிவுகள், வரம்புகள்.

பேச்சு: 10, 30, 35, 15, 10
கோடு: 25, 15, 10, 20, 30
அளவை: 20, 25, 30, 5, 20
ஸ்லைடு: 15, 25, 30, 15, 15
நான்: 20, 10, 20, 20, 30

சர்க்யூட் எனக்கு, கோடு அவனுக்கு, முடிவுகள் அளவைக்கு என்பது தானாகவே வந்துவிட்டது. எனக்கு ஆச்சரியம் கோடுதான். பேசவே வேண்டாம் என்றவன், அவன் பகுதிக்கு 10 மட்டுமே போட்டிருக்கிறான். கேட்டால், "பேசுவது பயம், ஆனால் வேறு யாராவது அதைத் தப்பாகச் சொல்வதைக் கேட்பது அதைவிடக் கஷ்டம்" என்கிறான்.

மீதி இரண்டில் சமன். பேச்சுக்கு அறிமுகம், ஸ்லைடுக்கு வரம்புகள் என்றால் 10ம் 15ம், கூட்டினால் 25. மாற்றிக் கொடுத்தாலும் அதே 25. எப்படிப் பார்த்தாலும் மொத்தம் 50தான், யாருக்கும் 20ஐத் தாண்டவில்லை. பேச்சு உடனே, "பின்னணி வாசித்தது நான், அப்படியென்றால் அறிமுகம் எனக்கு" என்றாள். செய்தவர்தான் பேச வேண்டும் என்று இங்கேயே சொன்னீர்கள் அல்லவா?

மதிப்பெண்தாள்

சொன்னேன். ஆனாலும் நான் அவளைக் கடைசியில்தான் வைப்பேன்.

எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி கைமாறாது. அளவையின் முடிவுகளை இன்னொருவருக்குக் கற்றுத்தர 14 நாள் வேண்டும். அறிமுகத்தை ஒரு மாலையில் கற்றுத்தரலாம், பேச்சு எழுதிய குறிப்பு கையில் இருந்தால் போதும். இரண்டு வாரம் வராதவனுக்கு நேர்மையாகக் கொடுக்கக்கூடிய ஒரே பகுதி அதுதான். ஸ்லைடுகளைச் செய்தவன் என்பதால் எந்த ஸ்லைடுக்குப்பின் எது வரும் என்பதும் அவனுக்கு மனப்பாடம். ஆரம்பத்தில் தடுமாற மாட்டான்.

வரம்புகள் பகுதி வேறு. அது இரண்டு நிமிடம்தான், ஆனால் அது முடிந்த அடுத்த நொடி கேள்வி ஆரம்பிக்கும். "இதை நீங்கள் ஏன் சரிசெய்யவில்லை" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. நின்ற இடத்திலேயே யோசித்துப் பேசத் தெரிந்தவர் அங்கே வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. முன்னால் நாலு பேரும் சேர்ந்து ஒரு நிமிடம் கூடுதலாகத் தின்றுவிட்டால், தன் பேச்சை அங்கேயே ஒன்றரை நிமிடமாகச் சுருக்குவது கடைசி ஆளின் வேலை. மனப்பாடம் செய்தவரால் அது முடியாது. நல்ல பேச்சாளரை முதலில் நிறுத்தி வீணாக்கும் டீம்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. முதல் நிமிடத்தில் யார் பேசினாலும் நாங்கள் கேட்போம். பதின்மூன்றாவது நிமிடத்தில்தான் கவனம் போகும்.

கேள்வி நேரத்திலும் அவளே வாங்கிக்கொள்ளட்டும். கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லி, உரியவரிடம் தள்ளிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் தானே பதில் சொல்லக்கூடாது, இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவள் திருப்பிச் சொல்லும் அந்த ஐந்து விநாடி கோடுக்குப் பெரிய உதவி.

தேன்சிட்டு

மேடம் சொல்வது மதிப்பெண்ணுக்குச் சரி. ஆனால் நியாயமா என்று கேட்டால் எனக்கு ஒப்பவில்லை. அவள் வாசித்து எழுதியதை இன்னொருவன் பேசப் போகிறான். எனக்கு நடந்ததும் இதுதானே? என்னிடமும் காரணம் நல்லதாகத்தான் சொன்னார்கள்.

மதிப்பெண்தாள்

உங்களுக்கு ஈடாக எதுவும் தரவில்லை, அவளுக்குக் கடைசிப் பகுதியும் கேள்வி நேரமும் கிடைக்கின்றன. இருந்தாலும் உங்கள் ஆட்சேபத்தை முழுதாகத் தள்ள என்னால் முடியவில்லை. பழைய முறைகள் ஸ்லைடில் அவள் பெயரைப் போடுங்கள். ஸ்லைடும், "இதைத் தொகுத்தது இவர்" என்று அவளைக் காட்டிச் சொல்லட்டும். மூன்று விநாடி வேலை.

ஈரமண்

பேச்சு ஒருநாள் முழுவதும் என்னிடம் பேசவில்லை. அப்புறம் கேள்வி நேரம் முழுவதும் தன் கையில் என்பதைக் கேட்டதும் சரி என்றாள். முழு மனதோடு இல்லை.

முதல் ஒத்திகை முடிந்தது. போனில் நேரம் குறித்தேன். அறிமுகம் 3:10, சர்க்யூட் 2:20, கோடு 4:05, முடிவுகள் 3:50, வரம்புகள் 2:15. ஆள் மாறுவதற்கு மட்டும் 1:20. மொத்தம் சரியாக 17 நிமிடம்!

கோடு பகுதி ஏன் நீண்டது என்றால் குரல் நடுக்கத்தால் அல்ல. சீரியல் மானிட்டரைத் திறந்து, எண் ஓடுவதைக் காட்டி, மண்ணில் தண்ணீர் ஊற்றி, எண் இறங்கும்வரை எல்லாரும் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் சென்சார்வரை ஊறி இறங்க நேரமாகிறது. அந்த மௌனத்தில்தான் அவன் நடுங்கினான். கை வேலையில் இருந்தவரை குரல் நன்றாகவே இருந்தது.

மதிப்பெண்தாள்

டெமோவை 30 விநாடி வீடியோவாக எடுத்துவிடுங்கள், ஊறும் நேரத்தை வெட்டிவிட்டு. வெட்டியதை அவன் வாயாலேயே சொல்லட்டும், மறைக்க வேண்டாம். கருவி மேசையில் இருக்கட்டும், பேசும்போது அவன் அதைத் தொட்டுக் காட்டலாம். முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், முழுவதையும் வேண்டாம்.

ஆள் மாற 1:20 போகிறது என்றால் உட்கார்ந்து எழுந்து வருகிறீர்கள். ஐந்து பேரும் ஆரம்பத்திலிருந்தே முன்னால் பேசும் வரிசையில் நில்லுங்கள். ஸ்லைடு மாற்றும் ரிமோட் கையிலிருந்து கைக்குப் போகட்டும். "அடுத்ததாக என் நண்பர் பேசுவார்" என்ற வாக்கியத்தை எல்லாரும் வெட்டுங்கள். அதற்குப் பதில், அடுத்தவர் பதில் சொல்லப் போகும் கேள்வியோடு முடியுங்கள். நீங்கள் "சென்சார் ஒரு எண்ணைக் கொடுக்கிறது, அந்த எண்ணை வைத்து மோட்டாரை எப்போது ஓட்டுவது?" என்று நிறுத்தினால், கோடு அங்கிருந்தே ஆரம்பிப்பான்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். எந்த எண்ணில் மோட்டார் ஓடுகிறது?

ஈரமண்

600. எங்கள் சென்சாரில் மண் காயக் காய எண் ஏறும், 1023 வரை போகலாம். 600ஐத் தாண்டினால் மோட்டார் ஓடும்.

மதிப்பெண்தாள்

ஏன் 600? யார் பதில் சொல்வார்?

ஈரமண்

கோடு... இல்லை, இருங்கள். புரோகிராமில் அந்த எண்ணை எழுதியது அவன். ஆனால் அவன் முதலில் போட்டது 700. செடி வாடியபிறகுதான் மோட்டார் ஓடுகிறது என்று அளவைதான் முதல் மூன்று நாள் அளவுகளைப் பார்த்துச் சொல்லி மாற்றச் சொன்னாள். அது எந்த ஸ்லைடிலும் இல்லை!

மதிப்பெண்தாள்

இதற்காகத்தான் கேட்டேன். வேலையைப் பகுதியாக வெட்டினால், வெட்டிய இடத்தில் இருப்பது யாருக்கும் சொந்தமில்லாமல் விழுந்துவிடும். கோடு அளவையைப் பார்ப்பான், அளவை கோடைப் பார்ப்பாள், நான் காத்திருப்பேன். நல்ல கேள்விகள் பெரும்பாலும் இந்த இடுக்குகளிலிருந்துதான் வரும். உங்களுக்கு நான்கு இடுக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி எழுதி, அதற்கு ஒரே ஒருவரை உரிமையாளர் ஆக்குங்கள். 600 அளவையுடையது.

அப்புறம், ஒவ்வொருவரும் தனக்கு அடுத்து வரும் பகுதியையும் ஒருமுறை பேசிப் பாருங்கள். கடைசி ஆள் முதல் பகுதியை எடுக்கட்டும், அது எப்படியும் அவள் எழுதியதுதானே. அன்று ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் டீம் நிற்காது. "இவர் பகுதியைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள்" என்று இன்னொருவரைக் கேட்கும் என் மாதிரிக் கெட்டவர்களும் உண்டு.

நாலாவதுவரிசை

இரண்டு முறை நன்றாக வந்தது என்றேனே, தனி மதிப்பெண்ணைப் போய்ப் பார்த்தேன். நன்றாகப் பேசினவனுக்கு நல்ல மதிப்பெண், மற்ற நாலு பேருக்கும் ஒரே எண். மேடம் சொன்ன அந்த "நடுவில் ஒரு எண்". அதில் நானும் ஒருவன்.

ஈரமண்

இரண்டாவது ஒத்திகை: அறிமுகம் 2:40, சர்க்யூட் 2:20, கோடு 2:35, முடிவுகள் 3:40, வரம்புகள் 2:10, ஆள் மாற 45 விநாடி. மொத்தம் 14:10. நாளை மறுநாள் பிரசன்டேஷன்.

ஒட்டடைக்குச்சி

வீடியோவை ஸ்லைடுக்குள் வைத்தால் அந்தக் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தனிக் கோப்பாகவும் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை கேள்வியைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஈரமண்

முடிந்தது. ஒட்டடைக்குச்சிக்குப் பெரிய நன்றி, ஸ்லைடுக்குள் இருந்த வீடியோ ஓடவில்லை, தனிக் கோப்பைத்தான் ஓட்டினோம். அதில் அரை நிமிடம் போனது. பேச்சு தன் பகுதியை ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டாள், யாருக்கும் தெரியவில்லை.

600 கேட்கவில்லை. சென்சாரின் கம்பிகள் அரித்துவிடாதா என்று கேட்டார்கள். அது என்னுடைய பகுதி. தொடர்ந்து மின்சாரம் கொடுத்தால் சீக்கிரம் அரிக்கும், அதனால் அளவெடுக்கும் நொடியில் மட்டும் கொடுக்கிறோம் என்றேன். "அதைப் புரோகிராமில் எப்படிச் செய்தீர்கள்" என்று அடுத்த கேள்வி. பேச்சு திருப்பிச் சொல்லிக் கோடிடம் தள்ளினாள். அவன் இரண்டு நிமிடம் பேசினான், நிறுத்தவே இல்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் பேச்சு தானே பதில் சொல்லிவிட்டாள், ஸ்லைடுக்கு வந்த கேள்வி. பழைய முறைகளில் எது மலிவு என்று கேட்டார்கள், அவன் வாயைத் திறக்குமுன் அவள் சொல்லி முடித்துவிட்டாள். சரியான பதில்தான். வெளியே வந்ததும் அவளுக்கும் அவனுக்கும் வாக்குவாதம். "நான் படித்ததை நான் சொன்னேன்" என்கிறாள். "எனக்கு வந்த ஒரே கேள்வி அது" என்கிறான்.

தேன்சிட்டு

நான் அவன் பக்கம். இல்லை, அவள் பக்கம். தெரியவில்லை, நாளைக்கு எழுதுகிறேன்.